பூஜையில் வைத்த பெட்டி

தமிழினியின் நோட்டில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பதின்மூன்றைக் கேட்டுவிட்டாள். பதினான்காவதைக் கேட்க வாயெடுத்தபோது ஜெயகிருஷ்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"இன்னா தமிழினி, வைவா எடுக்கிறியா? எல்லாம் டாக்குமெண்ட்ல இருக்கு. படி. படிச்சா புரியும்."

வெளியே கேக்கை வெட்டக் கத்தி தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெயகிருஷ்ணனுக்கு அது கடைசி வெள்ளிக்கிழமை. திங்கள் முதல் அவனுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய கம்பெனியில் வேலை. கீழ்க்கட்டளையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஆறு பேராக நடத்திவந்த இந்தச் சின்ன அலுவலகத்தின் வேலைகளில் அவன் பார்த்த பங்கு இனி தமிழினியுடையது. அவள் சிரித்துவிட்டு நோட்டை மூடினாள். கேள்வி அதற்குள்ளேயே தங்கிவிட்டது.

கேட்காமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. பம்மலில் ஒற்றை அறை வீடு. அப்பா லோகநாதன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அம்மா ஜெயக்கொடி தோல் பை தைக்கும் கம்பெனியில் வேலை. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழை லோகநாதன் லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருந்தார். அச்சடித்த தாள் என்றால் அவருக்கு ஒரு பயம், ஒரு மரியாதை. "எழுதி வெச்சவன் யோசிக்காமலா எழுதியிருப்பான்?" என்பார். கல்லூரியில் முதல் வருடம் ஒரு சந்தேகம் கேட்டபோது, அவளுடைய ஆங்கிலத்துக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துப் புரிந்துகொள்ளப் பழகிக்கொண்டாள். கேட்பதைவிடப் படிப்பது அவமானமில்லாத வேலை. மதிப்பெண்ணும் அப்படித்தான் வந்தது.

ஆகவே வேலையை ஒப்படைக்க ஜெயகிருஷ்ணன் கொடுத்திருந்த பதினொரு பக்கக் கைமாற்றுக் குறிப்பையும் அவள் பாடப் புத்தகம்போலப் படித்திருந்தாள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஐஸ்கிரீம் கிடங்கு, பால் குளிரூட்டும் நிலையம், மீன் குடோன் என்று நாற்பத்தொரு இடங்களில் இவர்களுடைய கருவி இருந்தது. குளிர் அறைக்குள் பேட்டரியில் ஓடும் சிறிய வெப்பமானிகள். அறைக்கு வெளியே, மின்சாரத்தில் ஓடும், சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. வெப்பமானி சொல்வதைப் பெட்டி வாங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு அனுப்பும். வெப்பநிலை எல்லையைத் தாண்டிப் பத்து நிமிடம் நீடித்தால் அந்த இடத்துக் கண்காணிப்பாளருக்குக் குறுஞ்செய்தி போகும். பதினைந்து நிமிடத்துக்குள் அவர் பதில் தராவிட்டால் அடுத்த எண்ணுக்கு அழைப்பு போகும். பெட்டியே அரை மணி நேரம் பேசாமல் இருந்தால், "பெட்டி பேசவில்லை" என்று அலுவலகத்தின் பணிநேர போனுக்குச் செய்தி வரும். ஒரு எண்ணுக்கு ஒரு நாளைக்கு இருபது செய்திதான். அதற்குமேல் வருவதை அமைப்பே விழுங்கிவிடும்.

ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது.

"ஆயுத பூஜையன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஒன்பது மணி வரை எல்லா இடங்களுக்கும் 'பெட்டி பேசவில்லை' எச்சரிக்கையை நிறுத்தி வைக்கவும். அன்று கிடங்குகளைக் காலி செய்து, மெயினை அணைத்துக் கழுவுவார்கள். நிறுத்தாவிட்டால் வீண் செய்தி குவிந்து இருபது என்ற வரம்பு காலையிலேயே தீர்ந்துவிடும். பிறகு உண்மையான எச்சரிக்கை வந்தாலும் போனுக்கு வராது. ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது."

காரணத்தோடு எழுதிய பத்தி. தவறு சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தின் அடியில், கடைசியாகத் திருத்திய தேதி இரண்டு வருடம் முந்தையதாக இருந்தது. ஒன்பதாம் பக்கத்துத் தொடர்பு எண்கள் அட்டவணையில் நாற்பத்தொன்றாவது வரி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு தடுப்பூசிக் கிடங்கு. இந்த ஏப்ரலில்தான் சேர்ந்தது. எல்லை, இரண்டு முதல் எட்டு டிகிரி. தொடர்புக்கு ஒரே ஒரு பெயர், சக்திவேல், கிடங்கு மேற்பார்வை. இரண்டாம் எண்ணுக்கான கட்டம் காலி.

அவளுடைய பதினான்காவது கேள்வி இதுதான்: பக்கம் 7இல் 'எல்லா இடங்களும்' என்றால் மருந்துக் கிடங்குமா?

பென்சிலால் அந்த வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தாள். ஜெயகிருஷ்ணன் கேக்கை வெட்டினான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பைத் திறந்து, குறிப்பில் சொன்னபடி எச்சரிக்கையை நிறுத்தினாள். 'எல்லா இடங்களும்' என்ற கட்டத்தில் டிக் போடும்போது விரல் ஒரு கணம் நின்றது. எழுதி வைத்தவன் யோசிக்காமலா எழுதியிருப்பான்? டிக் விழுந்தது.

ஒன்பது மணியிலிருந்து திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. மின்சாரம் போன தெருவில் வீடுவீடாக விளக்கு அணைவதுபோல் இருந்தது. பத்தே காலுக்கு மருந்துக் கிடங்கும் சாம்பலானது. கடைசியாகச் சொன்னது, 4.8 டிகிரி.

பன்னிரண்டு மணிக்கு லோகநாதன் பொரி, கடலை, வாழைப்பழம் கட்டிய பையோடு வந்தார். நெற்றியில் சந்தனம்.

"எஸ்டேட் முழுக்க மெயின் ஆஃப்மா. இன்னிக்கு ஒரு மெசினும் மூச்சு விடாது. மயான அமைதி."

"நல்ல நாளும் அதுவுமா என்னா வார்த்தை அது?" என்று அடுப்படியிலிருந்து ஜெயக்கொடி அதட்டினாள்.

தமிழினிக்கு அந்த வார்த்தை உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. பொரியை வாயில் போட்டவள் மெல்லாமல் திரையைப் பார்த்தாள். பன்னிரண்டரைக்குச் சக்திவேலுக்கு அழைத்தாள். அந்தக் கிடங்கின் வரியில் இருந்த ஒரே பெயர்.

"சக்திவேல் அண்ணா, பூஜை நல்லபடியா முடிஞ்சுதா? உங்க பெட்டி பேசல. குளிர் ரூம் ஓடுதா?"

பின்னால் ஏதோ டிவி சத்தம் கேட்டது.

"அல்லாம் ஓடிக்கினு கீதுமா. பெட்டிய பூஜைல வெச்சிகீறேன், அதான். நாளிக்கு காலைல எடுத்து மாட்டிடுவேன். நீ போய் வடை துன்னு."

அவள் சிரித்தாள். போனை வைத்தபிறகு அந்த டிவி சத்தத்தை நினைத்தாள். கிடங்கில் டிவி இருக்குமா? காவலாளி அறையில் இருக்கலாம். இருக்கும். அன்று சாயங்காலம்வரை நாலைந்து முறை திரையைத் திறந்து பார்த்தாள். சாம்பல் நிறம் எதையும் சொல்லாது. அது கெட்ட செய்தியும் இல்லை, நல்ல செய்தியும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. கீழ்க்கட்டளை அலுவலகத்தில் எட்டரைக்கு மறுபூஜை. எட்டு ஐம்பதுக்கு மருந்துக் கிடங்கின் புள்ளி பச்சையானது. 5.1 டிகிரி. எல்லைக்குள்தான். ஆனால் வரைபடத்தில் ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரம் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாளில் வாய் திறந்ததுபோல் ஒரு இடைவெளி.

முதலாளி ஸ்ரீரங்கன் கற்பூரத் தட்டை வைத்துவிட்டு அவள் மேசைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை.

"சார், மருந்துக் கிடங்குல நேத்து பூரா டேட்டா இல்ல. மாச ரிப்போர்ட்ல இது தெரியும்."

அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "நாலு புள்ளி எட்டுல நின்னிருக்கு. அஞ்சு புள்ளி ஒண்ணுல ஆரம்பிச்சிருக்கு. நடுவுல என்ன பெருசா ஆகியிருக்கப்போகுது? ரெண்டு புள்ளியையும் கோடு போட்டுச் சேர்த்துடு."

"அது நாம அளந்தது இல்லையே சார்."

"இங்க பாரும்மா. அந்தக் கிடங்கு இருக்கறதாலதான் நாம ஆறு பேரா இருக்கோம். அது போச்சுன்னா நாலு பேர். யாரு அந்த ரெண்டு பேருன்னு நான் யோசிக்க வேண்டி வரும். பூஜை நாள்ல அதைச் சொல்ல வெக்காத."

சுண்டல் கிண்ணத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கோடு போடுவது ஒரு நிமிட வேலை. சுட்டியை அங்கே கொண்டுபோய், இங்கே இழுத்து விட்டால் ஆயிற்று. வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வருகிறது என்று அம்மா இப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். யாருக்குத் தெரியப்போகிறது? கெட்டுப்போன பால் திரியும், மீன் நாறும். தடுப்பூசி ஒன்றும் செய்யாது. அதே குப்பி, அதே தெளிந்த நீர், அதே சீட்டு. அதைப் போட்டுக்கொண்டவனுக்குக்கூடத் தெரியாது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

அவள் கைமாற்றுக் குறிப்பை மறுபடி எடுத்தாள். பத்தாம் பக்கத்தில், சிறிய எழுத்தில்: "குளிர் அறை வெப்பமானிகளுக்குச் சொந்த நினைவு உண்டு, முப்பது நாள் தாங்கும். பெட்டி அணைந்திருந்தாலும் அவை அளந்துகொண்டே இருக்கும். ஆனால் தானாக அனுப்பாது. நேரில் போய்ப் போனைப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இதுவரை தேவைப்பட்டதில்லை."

சுண்டல் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

பல்லாவரம்வரை பஸ். அங்கிருந்து குன்றத்தூர் சாலையில் ஷேர் ஆட்டோ. வாகனங்களின் முகப்பில் எல்லாம் வாழைக்கன்று, சாமந்தி. வழியில் ஜெயகிருஷ்ணனுக்கு அழைத்தாள்.

"ஏழாம் பக்கமா? அய்யோ, அது எப்பவோ எழுதினது. அப்ப மருந்துக் கிடங்கு நம்மகிட்ட இல்லவே இல்லையே." கொஞ்சம் நின்றான். "ஏன் தமிழினி, உனக்கு டவுட்டா இருந்தா கேட்டிருக்கலாமே?"

அவள் போனைப் பையில் போட்டாள். ஆட்டோ ஒரு திருஷ்டிப் பூசணிக்காயின்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போனது. சாலையெல்லாம் குங்குமம் கலந்த சிவப்பு.

கிடங்கில் சக்திவேல் வாசலில் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கையில் எப்போதும் டெஸ்டர். அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா மேடம், நல்ல நாளும் அதுவுமா இங்க வந்துகீறே? பொட்டி பேசுதே, பாக்கலியா?"

பெட்டி சுவரில் பளபளவென்று துடைத்து மாட்டப்பட்டிருந்தது. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காற்றோட்டத் துளையில் ஒரு சாமந்தி இதழ் சிக்கியிருந்தது.

"வெப்பமானிய ஒரு தடவ படிச்சிட்டுப் போயிடறேன் அண்ணா."

"அது இன்னாத்துக்கு? அதான் அஞ்சு டிகிரி காட்டுதே."

"நேத்தையது அதுக்குள்ள இருக்கும்."

அவர் கையிலிருந்த மாலை நின்றது. "உள்ளயா?"

"உள்ளதான். பேட்டரி இருக்கே. கரண்டு இல்லன்னாலும் எழுதிக்கிட்டே இருக்கும்."

குளிர் அறைக் கதவைத் திறந்தபோது வெண்மையான காற்று காலில் படர்ந்தது. அடுக்குகள் நிறைந்திருந்தன. முன்வரிசை மட்டும் காலி. போனை வெப்பமானிக்கு அருகே பிடித்தாள். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பத்து நாற்பதுக்கு 4.9. பதினொன்றேகாலுக்கு 8.3. பன்னிரண்டரைக்கு 14.6. அவள் அவரிடம் பேசிய நேரம் அது. இரண்டு மணிக்கு 19. நாலு இருபதுக்கு 23.4. அதன்பிறகு மெல்ல இறங்கி, இரவு ஒன்பதுக்குமேல் மறுபடி ஐந்து.

அவள் பட்டியலை மேலிருந்து இன்னொரு முறை படித்தாள்.

சக்திவேல் கதவருகே நின்றிருந்தார். "அர அவருனு தான்மா மெயின ஆஃப் பண்ணேன். பேனல் தொடைக்கணும்ல? ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆச்சுன்னா ஷாக் அடிச்சிடும்னு அத்தயும் ஆஃப் பண்ணேன். பூஜ முடிஞ்சுது, பசங்க பொரி வாங்கினு கெளம்பிட்டானுங்க, நானும் கெளம்பிட்டேன். நீ போன் பண்ணப்போ வூட்ல இருந்தேன். ஓடுதுன்னுதான் நெனச்சேன். மெய்யாலுமே. துன்னுட்டு படுத்துட்டேன். நாலு மணிக்கு முழிச்சப்போதான் நெஞ்சு திக்குன்னுச்சு. ஓடியாந்து போட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"யாருகிட்ட சொல்றது? உங்க லிஸ்ட்ல எம்பேர் மட்டும்தானே கீது?" டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். "அழிச்சிட முடியாதாமா? உங்கப்பாவும் இதே எஸ்டேட்தானே. எங்க பொழப்பு தெரியாதா உனுக்கு?"

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் மறந்தார், பொய் சொன்னார். அவள் கேட்காமல் விட்டாள். இரண்டில் எது முதலில் நடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"முன்வரிசை ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள்.

"மொத லோடு போயிடுச்சே. ஒம்பது மணி, நல்ல நேரத்துல."

கிடங்கின் மருந்தாளுநர் ஸஹானா பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தாள். பூஜைக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தவள், வேலை இருக்கிறதென்று பாதியில் வந்திருந்தாள். அவள் எண் எந்த அட்டவணையிலும் இல்லை. தமிழினி போனை அவளிடம் நீட்டினாள். நாற்பத்தொரு இடங்களில் முதன்முறையாகத் தேவைப்பட்ட அந்தப் பட்டியலை ஸஹானா மேலிருந்து கீழே படித்தாள்.

"இத யாரும் கேட்காம நீங்களே எடுத்தீங்களா?"

"ஆமா. எங்க சார் கோடு போடச் சொன்னார். நான் போடல."

"இதெல்லாம் வீணாயிடுச்சா?" என்று சக்திவேல் கேட்டார்.

"பார்த்துச் சொல்ல முடியாது சக்திவேல். மருந்து தயாரிச்ச கம்பெனிக்கு இந்த நம்பரை அனுப்பணும், அவங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு குப்பி வெளியே போகக் கூடாது." அவள் அறையைப் பூட்டி, கதவில் 'தொடாதே' என்று ஒட்டினாள். பிறகு வண்டி போன இடங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தாள். மேடவாக்கம், மருந்துப் பெட்டியைப் பிரிக்கவில்லை. பல்லாவரம், பிரிக்கவில்லை. நாவலூர், ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள், தனியாக எடுத்துவைக்கிறார்கள். நான்காவது கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக். அங்கே பேசும்போது ஸஹானா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்குப் போட்டாச்சாம். நாய்க்கடி ஊசி. காலையில பதினொரு மணிக்கு."

குளிர் அறையின் இயந்திரம் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பெனி கெட்டுப்போச்சுன்னு சொன்னா அந்த ரெண்டு பேருக்கும் திரும்பப் போடணும். லேட் ஆகக் கூடாது. ஆளைப் பிடிக்கணும்" என்றாள் ஸஹானா.

கிளினிக் நோட்டிலிருந்து இரண்டு பெயர்களைப் படித்தார்கள். ஒருவர் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பிரணவ். முதல் அழைப்பிலேயே எடுத்தார், கத்தினார், சாயங்காலமே வருவதாகச் சொன்னார். மற்றவள் அஞ்சம்மாள், கட்டட வேலை. காலில் கடி. கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது.

தமிழினி அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஸ்ரீரங்கன் எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். திட்டவில்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்றார். அந்த நாளை வந்தது. மருந்துக் கிடங்கு ஒப்பந்தம் முடிந்ததாகக் கடிதமும் வந்தது. அதற்கு மறுநாள், மாத முடிவில் அவள் வரத் தேவையில்லை என்று ஸ்ரீரங்கன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அடுத்து வருகிறவளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். லோகநாதன் நெடுநேரம் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொம்பள கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

கிடைக்கவில்லை. இரண்டாவது ஊசி மூன்றாம் நாள். எப்படியும் அன்றைக்கு வருவாள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் விசாரித்தார்கள். எந்த ஊர், எந்த மேஸ்திரியிடம் வேலை என்று எவருக்கும் தெரியவில்லை. மருந்துக் கம்பெனியிலிருந்து பதில் இரண்டாம் நாள் மாலை வந்தது. ஒரு வரிதான்: அந்த இருப்பைப் பயன்படுத்த வேண்டாம், போட்டதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

மூன்றாம் நாள் தமிழினி கணினியில் கைமாற்றுக் குறிப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். ஏழாம் பக்கத்தில் 'எல்லா இடங்களுக்கும்' என்பதை நீக்கினாள். எந்தெந்த இடம், யாரிடம் கேட்டு, எப்போது முடிவு செய்தது என்று எழுதித் தேதி போட்டாள். மருந்தோ உயிரோ சம்பந்தப்பட்ட இடம் எதிர்காலத்தில் சேர்ந்தால் அங்கே எந்த நாளும் எச்சரிக்கையை நிறுத்தக் கூடாது என்று எழுதினாள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது எண் கட்டாயம், அந்த எண் மெயினை அணைக்கிறவருடையதாக இருக்கக் கூடாது என்று எழுதினாள். பத்தாம் பக்கத்தில் 'இதுவரை தேவைப்பட்டதில்லை' என்பதை அழித்துவிட்டு, ஒரு தேதியை மட்டும் வைத்தாள்.

பதினொரு மணிக்கு கிளினிக்குக்கு அழைத்தாள். வரவில்லை. ஒரு மணிக்கு அழைத்தாள். வரவில்லை. நாலு மணிக்கு மறுமுனையில் எடுத்த பெண்ணே குரல் தெரிந்து, "இன்னும் இல்லக்கா" என்றாள்.

ஒன்பதாம் பக்கத்துத் தொடர்பு அட்டவணையின் அடியில் தமிழினி இன்னொரு வரி சேர்த்தாள். இடம், கேளம்பாக்கம். பெயர், அஞ்சம்மாள். எண் என்ற கட்டத்தில் உபயோகத்தில் இல்லாத அந்தப் பத்து இலக்கத்தையும் அப்படியே எழுதினாள். எந்த எச்சரிக்கைக்கு இவரை அழைக்க வேண்டும் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

ஆறு மணிக்கு மறுபடி அழைத்தபோது கிளினிக் ஷட்டரை இறக்கும் சத்தம் போனில் கேட்டது.